ஒரு போட்டோவை வைத்து டயரின் ஆயுளைச் சொல்லிவிட முடியுமா?

“பைக் டயரைக் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுங்கள். பட்டன் தெரிந்தால் ஓட்டலாம், பக்கவாட்டில் கோடு தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.”

பலரும் சொல்லும் இந்த யோசனை பாதிதான் சரி. பட்டன்களுக்கு இடையிலான பள்ளத்தின் அடியில், குறுக்கே தேய்மான எல்லையைக் காட்டும் ஒரு சிறு ரப்பர் மேடு இருக்கும். பக்கவாட்டில் உள்ள சிறு முக்கோணமோ TWI என்ற எழுத்தோ அதன் இடத்தைக் காட்டும். பல பைக் டயர்களில் அதன் உயரம் சுமார் 0.8 மி.மீ. மட்டுமே என்பதால், நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் நிழல் விழாமல், ஆழமான பள்ளமும் தேய்ந்த பள்ளமும் ஒன்றுபோலவே தெரியும். நடுப்பகுதி மேட்டோடு சமமாகிவிட்ட டயரிலும் ஓரத்துப் பட்டன்கள் புதிதுபோல நிற்கும். படத்தில் விழுவது பெரும்பாலும் அந்த ஓரம்தான்.

வெடிப்பில் நேர்மாறான ஏமாற்றம். சாய்ந்த வெளிச்சம் மயிரிழைக் கோட்டையும் பிளவுபோலக் காட்டிவிடும். மேலோட்டமான கோடுகள் ரப்பர் முதுமையடைவதன் அடையாளம். அவற்றைக் கண்காணித்து வந்தால் போதும். தரையை ஒட்டிப் பிதுங்கும் இடத்தில் வெடிப்பு வாய் பிளந்தாலோ, உள்ளே நூலிழை தெரிந்தாலோ, அருகில் வீக்கம் இருந்தாலோ அந்த டயரில் ஓட்டக் கூடாது. பக்கவாட்டில் 2319 என்று இருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். அதையும் சேர்த்தே படம் எடுக்க வேண்டும்.