ஹை உடையும் முன் ரேஞ்சை அளந்து பாருங்கள்

'முதல் 15 நிமிஷ ஹை உடைந்தால் வாங்கு, லோ உடைந்தால் விற்றுவிடு.' பங்குச் சந்தையில் அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடேக்கான ஓப்பனிங் ரேஞ்ச் பிரேக்அவுட் உத்தியை இந்த ஒரே வரியில் சொல்லிக்கொடுத்து முடித்துவிடுகிறார்கள். இதை நம்பி, கிண்டி மெட்ரோவில் ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனில் ஆர்டர் போடுகிறவர்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை. அந்த வரி தப்பில்லை, ஆனால் பாதிதான். உடைந்த பிறகு விலை ஓட இடம் மிச்சம் இருக்கிறதா என்பது அதில் இல்லை. பெரும்பாலான தோல்வி அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

கணக்குக்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். நேற்றைய முடிவு விலை 800 ரூபாய். 14 நாள் ஏடிஆர் 20 ரூபாய், அதாவது சராசரியாக ஒரு நாளில் அந்தப் பங்கு நகரும் தூரம். இன்று 812-ல் திறக்கிறது. 9:30 வரை லோ 806, ஹை 818. பார்க்க அழகான ரேஞ்ச், அகலம் 12 ரூபாய். 818 உடைந்ததும் 818.50-ல் வாங்கி, லோவுக்குக் கீழே 805.50-ல் ஸ்டாப்லாஸ் வைத்தால் ரிஸ்க் 13 ரூபாய். இதற்கு இருமடங்கு இலக்கு என்றால் 844.50 வரை போக வேண்டும்.

இப்போது ஏடிஆரைப் பாருங்கள். அது அன்றைய ஹை, லோ வித்தியாசத்தை மட்டும் எடுப்பதில்லை. நேற்றைய முடிவிலிருந்து வந்த கேப்பையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது. நேற்று 800, இன்று ஹை 818. ஆக, 20 ரூபாயில் 18 ரூபாயை அந்தப் பங்கு 9:30-க்குள்ளேயே நடந்து முடித்துவிட்டது. சராசரி நாள் என்றால் இன்னும் மிச்சம் 2 ரூபாய். அந்த 2 ரூபாய்க்கு 13 ரூபாயைப் பணயம் வைக்கிறோம். இந்த பிரேக்அவுட் தோற்றால் 'ஆபரேட்டர் அடித்துவிட்டான்' என்று பேசிக்கொள்வார்கள். யாரும் அடிக்கவில்லை, போக இடமே இல்லை.

அதே பங்கு 802-ல் திறந்து, 15 நிமிஷத்தில் 800-க்கும் 806-க்கும் நடுவே நின்றால் கதை வேறு. செலவானது 6 ரூபாய், மிச்சம் 14. 806.50-ல் நுழைந்து 799.50-ல் ஸ்டாப் வைத்தால் ரிஸ்க் 7 ரூபாய். 820 வரை போனால் கிடைப்பது 13.50. ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டு. என் அளவுகோல் எளிது: 9:30 மணிக்கு, நேற்றைய முடிவையும் சேர்த்து அளந்த தூரம் ஏடிஆரில் பாதியைத் தாண்டிவிட்டால், அன்று அந்தப் பங்கை விட்டுவிடலாம். காலாண்டு முடிவு வந்த மறுநாள் மட்டும் இந்த அளவுகோல் செல்லாது. அன்றைக்குப் பங்கு சராசரியைப் போல இரண்டு மூன்று மடங்கு ஓடக்கூடும், ஏடிஆர் அதைச் சொல்லாது.

ரேஞ்ச் சரியாக இருந்தும் தோற்கும் இடம் ஒன்று உண்டு. 806-க்கு மேலே சில காசுகளில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். பிரேக்அவுட்டுக்காகக் காத்திருப்பவர்களின் வாங்கும் ட்ரிக்கர் அங்கே இருக்கிறது. விலை இறங்கும் என்று முதலில் விற்று ஷார்ட் போனவர்களின் ஸ்டாப்லாஸும் அங்கேதான், அதுவும் வாங்கும் ஆர்டர்தான். விலை தொட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்து 807, 807.50 என்று குதிக்கும். பெரிய அளவில் விற்க வேண்டியவருக்கு அதைவிட வசதியான நேரம் கிடையாது. அந்தக் குவியலை அவர் விழுங்கி முடித்ததும் புதிதாக வாங்க ஆள் இருக்காது, விலை திரும்பி ரேஞ்சுக்குள் விழும். சார்ட்டில் மிச்சமிருப்பது ஒரு நீண்ட மேல் திரி மட்டும்.

அதனால் தொட்டவுடன் நுழையாமல், 5 நிமிஷ கேண்டில் 806-க்கு மேலே மூடும்வரை காத்திருப்பது நல்லது. இதற்கும் ஒரு விலை உண்டு. 808-ல் மூடினால் ரிஸ்க் 7-லிருந்து 8.50 ஆகிவிடும், எண்ணிக்கையை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். ரேஞ்சின் பாதி அகலத்துக்கு மேல், இங்கே 809-ஐத் தாண்டி மூடினால், துரத்த வேண்டாம்.

வால்யூம் பார்க்கிறேன் என்பவர்கள் பெரும்பாலும் தப்பான கேண்டிலோடு ஒப்பிடுகிறார்கள். 9:08 வரை நடக்கும் ப்ரீ-ஓப்பனில் நிறைவேறாத ஆர்டர்கள் 9:15-க்குச் சந்தைக்குள் வருகின்றன, இரவு முழுக்க யோசித்து வைத்த ஆர்டர்களும் அப்போதே கொட்டுகின்றன. அதனால் முதல் 5 நிமிஷ வால்யூம் எப்போதுமே பெரிதாக இருக்கும். அதில் 3 லட்சம் பங்கு, 9:40 கேண்டிலில் 90 ஆயிரம் என்றால் 'வால்யூமே இல்லை' என்று தோன்றும். கடந்த பத்து நாளில் இதே 9:40 கேண்டிலின் சராசரி 50 ஆயிரம் என்றால், இன்றைக்கு வந்திருப்பது கிட்டத்தட்ட இருமடங்கு. அதே நேரத்தை அதே நேரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

நுழைந்த பிறகு தோல்வியை முன்கூட்டியே காட்டும் அடையாளம், அடுத்தடுத்து இரண்டு 5 நிமிஷ கேண்டில்கள் ரேஞ்சுக்குள் மூடுவது. அப்போது விலை 804.50 என்றால், 806.50-ல் வாங்கியவருக்கு நஷ்டம் 2 ரூபாய்தான். 799.50 வரை பொறுத்திருக்கக் காரணமே இல்லை, வாங்கியதற்கான காரணம் ஏற்கனவே போய்விட்டது. வெளியே வந்த கையோடு ஷார்ட் அடிப்பதும் வேண்டாம். அந்த நாள் ரேஞ்சுக்குள்ளேயே சுற்றும் நாள் என்பதற்குத்தான் அது அறிகுறி, இரண்டு பக்கமும் அடி விழும்.

எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு டிரேடில் 1,000 ரூபாய்தான் இழக்கலாம் என்று வைத்தால், 7 ரூபாய் ரிஸ்க்குக்கு 142 பங்கு. மதிப்பு சுமார் 1.15 லட்சம். ஆர்டருக்கு 20 ரூபாய் என்ற புரோக்கரேஜோடு, விற்கும்போது 0.025 சதவீத எஸ்டிடி, பரிவர்த்தனைக் கட்டணம், முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து 85 முதல் 90 ரூபாய் போகும், பங்குக்கு 60 காசுக்கு மேல். வாங்கும்போதும் விற்கும்போதும் நினைத்த விலையிலிருந்து 30 காசு வழுக்கினால் இன்னொரு 60 காசு. ஆக, 806.50-ல் வாங்கினால் 807.70 வரை லாபமே இல்லை. 2022-23-ல் பங்குகளில் இன்ட்ராடே செய்த 10 பேரில் 7 பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. சின்ன இலக்குக்கு ஒரே காலையில் நாலைந்து முறை நுழைபவர் இந்த ஒன்றே கால் ரூபாயை நாலைந்து முறை கட்டுகிறார்.

போனில் ஆர்டர் போடுகிறவர்கள் கவனிக்க: ஸ்டாப்லாஸை SL வகையில் ட்ரிக்கர் 799.50, லிமிட் 799.40 என்று ஒட்டி வைத்தால், விலை ஒரே பாய்ச்சலில் 798.50-க்கு இறங்கும்போது ஆர்டர் நிறைவேறாமல் தொங்கும். நீங்கள் பயணத்தில் இருப்பீர்கள், நஷ்டம் வளரும். லிமிட்டை 797.50 வரை தளர்த்துங்கள், அல்லது என்எஸ்இ-யில் லிமிட் இல்லாத SL-M போட்டு சில காசு வழுக்கலை ஏற்றுக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி வட்டி விகிதம் அறிவிக்கும் நாளில் வங்கிப் பங்குகளைத் தொட வேண்டாம். ஆளுநர் 10 மணிக்குத்தான் பேசத் தொடங்குவார், அதற்கு முன் உருவான ரேஞ்சுக்கு அதன்பின் மதிப்பு இல்லை.