பத்து சதவீதம் என்று சொல்லி வந்த கடிதம்

போன வாரம் மகளின் பள்ளியிலிருந்து முதல்வர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை ஒன்று மின்னஞ்சலில் வந்தது. "அன்பான பெற்றோருக்கு" என்று தொடங்கி, கடந்த ஆண்டின் தேர்ச்சி விழுக்காடு, மாவட்ட அளவில் வென்ற கைப்பந்துக் கோப்பை, புதிதாக வைத்த மரக்கன்றுகள் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, நான்காவது பத்தியில் விஷயம் வருகிறது. கற்பித்தல் கட்டணம் பத்து சதவீதம் மட்டும் உயர்த்தப்படுகிறதாம். "மட்டும்" என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். தடித்த எழுத்தைக் கண்டால் அதன் கீழே இருக்கும் பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பேன். இணைப்பில் இருந்த அட்டவணையைத் திறந்தேன். கற்பித்தல் கட்டணம் 50,000 ரூபாயிலிருந்து 55,000 ஆகியிருக்கிறது. பத்து சதவீதம், உண்மைதான். ஆனால் அதற்குக் கீழே "இதர கட்டணங்கள்" என்ற பகுதி சென்ற ஆண்டு 10,000 ரூபாய், இந்த ஆண்டு 17,000. திறன் வகுப்பறைக்கு 3,000, செயல்பாட்டுக் கட்டணம் 2,500, பராமரிப்புக்கு 1,500 என மூன்று புதிய தலைப்புகள். ஆக மொத்தம் 60,000 கட்டியவன் இனி 72,000 கட்ட வேண்டும். அது இருபது சதவீதம். கடிதத்தில் எங்கு தேடினாலும் அந்த எண் இல்லை.

இந்தத் தலைப்புப் பிரிப்பால் இன்னொரு நட்டமும் உண்டு. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வருமான வரிக் கழிவு கிடைப்பது கற்பித்தல் கட்டணத்துக்கு மட்டும்தான். வளர்ச்சி, பராமரிப்பு என்று ரசீதில் எழுதிய தொகையைக் காட்ட முடியாது.

கட்டணம் உயரவே கூடாது என்று சொல்பவன் நான் அல்ல. டீசல், மின்சாரம், ஆசிரியர் சம்பளம் எல்லாம் ஏறுகின்றன. சுற்றறிக்கையும் முதல் காரணமாக ஆசிரியர் ஊதியத்தைத்தான் சொல்கிறது. சரி, போட்டுப் பார்ப்போம். பள்ளியில் ஏறத்தாழ 1,200 பிள்ளைகள், 60 ஆசிரியர்கள். எல்லா வகுப்புக்கும் இதே உயர்வு என்று வைத்துக்கொண்டால், தலைக்கு 12,000 வீதம் ஆண்டுக்கு ஒரு கோடியே 44 லட்சம் கூடுதலாக வருகிறது. அது முழுவதும் ஆசிரியர்களுக்கே போவதானால் ஒவ்வொருவருக்கும் மாதம் 20,000 ரூபாய் ஏறியிருக்க வேண்டும். என் தெருவில் இருக்கும் கணக்கு ஆசிரியை அங்கேதான் வேலை செய்கிறார். எவ்வளவு ஏறியது என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "அண்ணா, பால் வாங்க நேரமாகிவிட்டது" என்று போய்விட்டார்.

முதல்வர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தக் கட்டணத்தை அவர் முடிவு செய்வதில்லை. தாளாளர் முடிவு செய்வார், முதல்வர் கையெழுத்துப் போடுவார், கேள்வி கேட்டால் எழுத்தர் பதில் சொல்வார். ஆனால் தமிழ்நாட்டில் தாளாளரும் தன் விருப்பத்துக்கு முடிவு செய்துவிட முடியாது. 2009-இல் வந்த கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழுதான் ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. பள்ளி தன் வரவு செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். பள்ளி இருக்கும் இடம், கட்டட வசதி, நிர்வாகச் செலவு, வளர்ச்சிக்கு வேண்டிய நியாயமான உபரி ஆகியவற்றைப் பார்த்துக் குழு ஆணை போடும். அது மூன்று கல்வியாண்டுகளுக்குச் செல்லும். அதற்கு மேல் வாங்கினால் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டுமல்ல, ஏழு ஆண்டு வரை சிறை என்றும் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

ஆகவே ஒரு கட்டணச் சுற்றறிக்கையில் முதல் வரியாக வர வேண்டியது அந்த ஆணையின் எண்ணும் தேதியும்தான். இரண்டு பக்கக் கடிதத்தில் அது மட்டும் இல்லை. மரக்கன்றுகளின் எண்ணிக்கை இருக்கிறது.

இனி, கட்டும் வழிகள். மூன்று கொடுத்திருக்கிறார்கள். ஜூனில் மொத்தமாகக் கட்டினால் மூன்று சதவீதத் தள்ளுபடி. இல்லையென்றால் ஜூன், அக்டோபர், பிப்ரவரி என மூன்று பருவத் தவணை. அல்லது "வட்டியில்லா மாதத் தவணை".

தள்ளுபடி 2,160 ரூபாய். அதற்காக, அக்டோபரிலும் பிப்ரவரியிலும் கட்ட வேண்டிய பணத்தைச் சராசரியாக ஆறு மாதம் முன்னதாகவே கொடுக்கிறோம். ஆண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ ஒன்பதரை சதவீத வட்டிக்குச் சமம். வங்கியில் ஏழு சதவீதத்துக்குப் பணம் சும்மா கிடக்கிறதென்றால் எடுத்துக் கட்டிவிடலாம். அதைவிடக் கூடுதல் வட்டிக்கு நகையை அடகு வைத்துக் கட்டினால் தள்ளுபடியை அடகுக்கடைக்குக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

மாதத் தவணைதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. பெரும்பாலோர் இதைப் பள்ளி தரும் சலுகை என்று நினைக்கிறார்கள். அது பள்ளி தருவது அல்ல. ஒரு வங்கிசாரா நிதி நிறுவனம் முழுத் தொகையையும் பள்ளிக்கு முன்கூட்டியே கொடுத்துவிடும். நாம் மாதம் 7,200 வீதம் பத்து மாதம் அந்த நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். பரிசீலனைக் கட்டணம் இரண்டு சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, சேர்த்து சுமார் 1,700 ரூபாய். ஆண்டு வட்டியாக மாற்றிப் பார்த்தால் ஐந்து சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். நியாயமாகச் சொன்னால், மலிவான கடன்தான். ஆனால் கடன், அதுவும் நம் பெயரில். ஒரு மாதம் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி ஒரு பக்கம், நிறுவனம் ஒரு பக்கம் அபராதம் போடும். சிபில் மதிப்பெண்ணிலும் அடி விழும். நடுவில் வேலை மாறுதல் வந்து டிசம்பரில் பிள்ளையை வேறு ஊரில் சேர்த்தாலும் கடன் நம்மோடு வரும். மீதிப் பணத்தைப் பள்ளியிடம் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கையெழுத்துக்கு முன் ஆண்டு வட்டி விகிதத்தோடு ஒரு விவரத்தாளைக் கடன் கொடுப்பவர் தந்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் "வட்டியில்லா" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் மூன்று வரியில் பதில் மின்னஞ்சல் அனுப்பினேன். ஆணை எண் என்ன, புதிய மூன்று தலைப்புகள் அந்த ஆணைக்குள் வருகின்றனவா, மாறுதல் வந்தால் பணம் எப்படித் திரும்பும். "நேரில் அலுவலகத்தை அணுகவும்" என்று பதில் வந்தது. சனிக்கிழமை போனேன். அலுவலகத்துக்கு வெளியே கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை. விளையாட்டு விழாப் படங்களுக்குப் பின்னால் ஒரு மஞ்சளேறிய தாளின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. எழுத்தரைச் சாவி எடுத்துவரச் சொல்லிப் பார்த்தால், குழுவின் ஆணைதான். மூன்றாண்டு போன கல்வியாண்டோடு முடிந்திருந்தது.

"புதிதற்கு விண்ணப்பித்திருக்கிறோம் சார், இன்னும் வரவில்லை" என்றார்.

"அப்படியானால் இது தற்காலிகக் கட்டணம், ஆணை வந்ததும் கூடுதலை ஈடுகட்டுவோம் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

எழுத்தர் படங்களை மறுபடி பழைய இடத்தில் குத்தத் தொடங்கினார். அந்த ஒரு வரியை எழுதித் தரும்படி மறுபடியும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், இம்முறை தாளாளருக்கும் பிரதி வைத்து. முதல் பருவத் தவணையில் பழைய கட்டணப்படி வரும் 20,000 ரூபாயை மட்டும் கட்டி ரசீது வாங்கிவிட்டேன்.