பெண்ணியவாதி வாதாடியது ஓர் அப்பாவுக்காக

“பெண்ணியம்னா ஆம்பளைங்களுக்கு எதிரானதுதானே?”

இல்லை. அமெரிக்காவில் 1972இல் ஸ்டீஃபன் வீசன்ஃபெல்டின் மனைவி பிரசவத்தில் இறந்துபோனார். பள்ளி ஆசிரியை, சம்பளத்தில் சமூகப் பாதுகாப்பு வரி கட்டிவந்தவர். கைக்குழந்தையை வீட்டிலிருந்து வளர்க்க, அந்த வரி கட்டியவர் இறந்தால் அரசு தரும் உதவித்தொகையை ஸ்டீஃபன் கேட்டார். கிடைக்கவில்லை. அதன் பெயரே ‘தாய்க்கான உதவித்தொகை’. கணவனை இழந்தவளுக்கு உண்டு, மனைவியை இழந்தவனுக்குக் கிடையாது.

அவருக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர் பெண்ணுரிமை வழக்கறிஞர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். இதில் இரண்டு பேருக்கும் அநியாயம் என்றார்: மனைவி கட்டிய வரிக்கு மதிப்புக் குறைவு, குழந்தை வளர்ப்பது அப்பாவின் வேலையே இல்லை என்ற நினைப்பு. சம்பாதிப்பது ஆண், வளர்ப்பது பெண் என்று சட்டமே பிரித்து வைத்ததைத்தான் எதிர்த்தார், ஆணை அல்ல. 1975இல் நீதிபதிகள் ஒருமனதாக ஸ்டீஃபன் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.