ஒரு மணி நேரத்தில் சென்னையாம்!

"ஒரு மணி நேரம் மாப்ள, ஃப்ளைட்ல ஏறிக் கண்ணை மூடித் திறந்தா மீனம்பாக்கம். நீ இன்னும் பல்லவன் ரயிலைக் கட்டிக்கிட்டு அழு." காரைக்குடியில் கல்யாண வீடோ காதுகுத்தோ, எங்கே பந்தியில் உட்கார்ந்தாலும் இந்த மச்சான் ஆரம்பித்துவிடுகிறார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஐயா, அந்த ஒரு மணி நேரம் திருச்சி ஓடுதளத்திலிருந்து சென்னை ஓடுதளத்துக்கு. நான் என்ன ஓடுதளத்திலா குடியிருக்கிறேன்? என் வீடு காரைக்குடியில், போகவேண்டியது தி.நகருக்கு!

சரி, கணக்குப் போடுவோம். திருச்சியில் பத்தரை மணி விமானம் என்று வையுங்கள். உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்னாலேயே கவுண்டரை மூடிவிடுவார்கள். வெப் செக்-இன் செய்தாச்சே என்பீர்கள். செய்தாலும் பெட்டி போட வரிசையில் நின்றுதான் ஆகவேண்டும். கைப்பையோடு போகலாமே என்பவர்களுக்கு நம்மூர் வழக்கம் தெரியாது. ஆச்சி சும்மா விடுவாரா? மகன் வீட்டுக்கு மாவடு ஊறுகாய் ஒரு பாட்டில் இல்லாமல் யாரும் படி இறங்க முடியாது. ஊறுகாயைக் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள், பெட்டிக்குள்தான் போகவேண்டும். அந்த ஒரு பாட்டிலுக்காக இங்கே ஒரு வரிசை, அங்கே பெல்ட் முன்னால் ஒரு தவம்.

ஆக, ஒன்பது மணிக்கு விமான நிலையத்தில் இருக்கவேண்டும். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாக எண்பது கிலோமீட்டருக்கு மேல். காரில் ஒன்றே முக்கால் மணி நேரம், வழியில் டயர் பஞ்சர், ஊர்வலம் என்று எதுவும் வராமல் இருந்தால். அதனால் ஏழு மணிக்கே கிளம்பியாக வேண்டும். திருச்சி பஸ் விமான நிலைய வாசல் வழியாகத்தான் போகிறது, அதிலும் போகலாம். ஆனால் இன்னும் முன்னால் எழுந்திருக்கணும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையணும். காரென்றால் டிரைவர் திரும்பி வருகிற காசையும் நம் தலையில்தான் கட்டுவார்.

பதினொன்றரைக்கு மேல் சென்னையில் இறங்கி, பஸ்ஸில் ஏற்றி முனையத்தில் விட்டு, பெட்டி வந்து, வெளியே வரும்போது பன்னிரண்டு தாண்டிவிடும். டாக்ஸி வந்து, கத்திப்பாராவைக் கடந்து தி.நகர் போய்ச் சேர பன்னிரண்டு ஐம்பது. வாசலுக்கு வாசல் ஐந்து மணி ஐம்பது நிமிடம். எங்கே போச்சு மச்சான், அந்த ஒரு மணி நேரம்?

இப்போது பல்லவன். காலை ஐந்தரை மணி வாக்கில் கிளம்புகிறது. வீட்டிலிருந்து ஐந்து மணிக்கு ஆட்டோ ஏறினால் போதும். பெட்டியைச் சீட்டுக்கு மேலே தூக்கிப் போட்டால் அவ்வளவுதான், தாம்பரம் வரை யாரும் எழுந்திரு, பெல்ட்டைக் கழற்று, லேப்டாப்பை ட்ரேயில் வை என்று அதட்டுவதில்லை. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்து மாம்பலம். பன்னிரண்டேகாலுக்குள் தி.நகர் வீட்டு வாசல். ஏழேகால் மணி நேரம் ஆனது உண்மை. ஆனால் விமானத்தில் வந்தவருக்கு அரை மணி முன்னாலேயே நான் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டேன்!

விமானத்தில் போனால் மிச்சமாகிற நேரம் ஒன்றரை மணிக்கும் குறைவு. அதுவும் விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பினால். நாற்பது நிமிடம் தாமதம் என்று பலகையில் விழுந்தால் பாதி போச்சு. போகட்டும், அந்த ஆறு மணி நேரத்தில் உருப்படியாக ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடிகிறதா? கார், வரிசை, காத்திருப்பு, வரிசை, பஸ், வரிசை. ரயிலில் நான் அரியலூர் வரை தூங்கி, அப்புறம் எழுந்து ஆபீஸ் வேலையும் பார்க்கிறேன். இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு ஏறக்குறைய இருநூறு ரூபாய். விமான டிக்கெட்டோடு காரையும் சேர்த்துப் பாருங்கள், வயிறு எரியும்.

பகலே வேண்டாம் என்றால் ராத்திரி ரயில்கள் இருக்கின்றன. பெர்த் கிடைத்தால் பயண நேரம் தூக்க நேரத்தில் கழிந்துவிடும். கிடைப்பதுதான் பாடு, பண்டிகை நாளில் காத்திருப்போர் பட்டியலைப் பார்த்தால் மயக்கமே வரும். அப்படி மாட்டிக்கொண்டவர் விமானத்தில் போவதை நான் குறை சொல்லவில்லை. டெல்லிக்கும் மும்பைக்கும் போகிறவரோடும் எனக்குச் சண்டை இல்லை. அங்கே ரயில் ஒரு நாளைத் தாண்டுகிறது, வீட்டிலிருந்து விமான நிலையம் போகிற இரண்டு மணி நேரம் அதில் காணாமல் போய்விடும். நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் சென்னைக்குத்தான் இந்த வித்தை பலிப்பதில்லை.

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து என்றைக்காவது விமானம் பறந்தால் மறுபடி கணக்குப் போடலாம். அதுவரை மச்சான், பந்தியில் பாயசத்தைச் சாப்பிடுங்கள்.