போதகர் தவறிய பிறகு வரும் முதல் ஞாயிறு

போதகர் ஒழுக்கத்தில் தவறிவிட்டார். விசாரித்து உறுதி செய்தாயிற்று, பொறுப்பிலிருந்து இறக்கியும் ஆயிற்று. அடுத்த ஞாயிறு ஆராதனையில் யாராவது ஒருவர் பிரசங்க பீடத்தில் ஏறித்தானே ஆக வேண்டும்? அவர் என்ன பேசுவது? வேறொரு சபையின் கமிட்டியில் இருக்கும் நண்பர் இதைத்தான் கேட்டார். பத்து நிமிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஏன் அப்படி எழுதினேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த மாதிரி நேரத்தில் நம் ஊர் மேடைகளில் முதலில் வந்து விழும் வசனம், “நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்” என்பது. சங்கீதம் 105, 15ஆம் வசனம். அதற்கு முந்தைய வசனங்களைச் சேர்த்து வாசித்தால் விஷயமே வேறு. ஊர்விட்டு ஊர் போன ஒரு சிறு கூட்டத்தை ஒடுக்க விடாமல், அவர்களுக்காகக் கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்கின்றன அவை. பின்னணியில் இருப்பது ஆபிரகாம் கதை. அபிமெலேக்கு என்ற ராஜா ஆபிரகாமின் மனைவி சாராளை ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டபோது கர்த்தர் தடுத்த சம்பவம் ஆதியாகமம் 20இல் இருக்கிறது. அதாவது, அதிகாரத்தில் இருப்பவன் அடுத்தவர் வீட்டுப் பெண்ணைத் தொடாதபடி எழுந்த எச்சரிக்கை. அதை எடுத்து, அதிகாரத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்காதே என்பதற்குப் பயன்படுத்துகிறோம்!

இதன் விளைவு என்ன என்பதற்கு ரவி சக்கரியாஸ் ஒருவர் போதும். சென்னையில் பிறந்து உலகமெங்கும் பேர் வாங்கிய பிரசங்கியார். 2017இல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் அவர்மேல் புகார் சொன்னார். அவர் மறுத்தார், அவர் நடத்திய ஊழியத்தின் நிர்வாகக் குழு அவரை நம்பியது. 2020 மே மாதம் இறந்தபோது நினைவு ஆராதனையில் அமெரிக்கத் துணை ஜனாதிபதியே வந்து பேசினார். 2021 பிப்ரவரியில் அந்த ஊழியமே நியமித்த சட்ட நிறுவனத்தின் அறிக்கை வெளியானது. மசாஜ் வேலை செய்த பெண்கள் பலரிடம் அவர் நடந்துகொண்ட விதம் அதில் இருக்கிறது. அதில் ஒரு பெண் சொன்னதைப் படித்துவிட்டு அன்று எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. நீ வெளியே சொன்னால் என் பேர் கெடும், அதனால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இரட்சிப்பை இழக்கும், அதற்கு நீதான் பொறுப்பு என்று அவர் மிரட்டினாராம். அந்த 105ஆம் சங்கீதம் தனியறையில் இப்படித்தான் வேலை செய்கிறது. நிர்வாகக் குழு பிறகு மன்னிப்புக் கேட்டது. அவர்மேல் வைத்த நம்பிக்கையால் அவரைக் கண்காணிப்பதில் குறை வைத்தோம் என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டது.

சரி, பிரசங்கத்துக்கு வருகிறேன். உண்மை விவரங்களைப் பிரசங்கத்துக்குள் வைக்கக்கூடாது. முன்கூட்டியே செயலாளர் ஒரு அறிக்கை வாசித்துவிட வேண்டும்: என்ன உறுதியானது, விசாரித்தது யார், முடிவு என்ன, இன்னும் சொல்ல வேண்டியது இருப்பவர்கள் யாரிடம் போகலாம். பாதிக்கப்பட்டவர் பெயரோ அடையாளமோ அதில் வரக்கூடாது. அதன்பிறகுதான் வேதப்பகுதி, 2 சாமுவேல் 11, 12. தாவீது ராஜா உரியாவின் மனைவி பத்சேபாளை அழைப்பித்துப் பாவம் செய்து, உரியாவைக் கொல்லவைத்ததும், நாத்தான் தீர்க்கதரிசி ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையைச் சொல்லி அவனைக் கண்டித்ததும் அங்கேதான் வருகிறது. நான் எழுதிக் கொடுத்ததின் முக்கியமான பகுதி இது:

“பிரியமானவர்களே, அறிக்கையைக் கேட்டீர்கள். நம் போதகர் பாவம் செய்தார். ஆலோசனை கேட்டு, ஜெபம் கேட்டுத் தன்னிடம் வந்தவர்களிடம், போதகர் என்ற உரிமையை வைத்தே செய்தார். அவர் மூலமாய் உங்களில் சிலர் ஞானஸ்நானம் பெற்றீர்கள். உங்கள் அப்பாவை அடக்கம் செய்ததும் அவர்தான். அழுகையும் கோபமும் சேர்ந்தே வரும். இரண்டையும் இங்கே கொண்டுவரலாம்.

பத்சேபாள் ஏன் அங்கே குளித்தாள் என்று நாம் கேட்டுப் பழகிவிட்டோம். நாத்தான் அதைக் கேட்கவில்லை. அவன் சொன்ன கதையில் அவள் ஆட்டுக்குட்டி. ‘நீயே அந்த மனுஷன்’ என்று அவன் சொன்னது ராஜாவை நோக்கி. ஆகவே அந்தப் பெண் யார் என்று இன்று மதியச் சாப்பாட்டில் யாரும் ஆராய வேண்டாம். ஆராய்கிறவரைப் பக்கத்தில் இருப்பவர் நிறுத்துங்கள்.

தாவீது தனியாகவும் இதைச் செய்யவில்லை. விசாரித்து வந்து சொன்னவர்கள் இருந்தார்கள், அழைத்து வந்தவர்கள் இருந்தார்கள். உரியாவைக் கொல்லச் சொன்ன கடிதத்தை வாசித்துவிட்டு, ஏன் என்று கேட்காமல் செய்து முடித்த படைத்தலைவன் யோவாப் இருந்தான். நம்மிலும் காதில் விழுந்ததை விழாதது போல் இருந்தவர்கள் உண்டு. கமிட்டியும் அதில் சேர்ந்ததே.

‘நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்’ என்றான் தாவீது. உடனே, கர்த்தர் உன் பாவத்தை நீங்கச்செய்தார் என்ற பதில் வந்தது. அதே வாய்தான், பட்டயம் உன் வீட்டைவிட்டு விலகாது என்றும் சொல்லியிருந்தது. மன்னிப்பு உண்மை, விளைவும் உண்மை. நம் சகோதரர் மனந்திரும்பினால் கர்த்தர் தள்ளமாட்டார். நாமும் தள்ளமாட்டோம், இரண்டு மூப்பர்கள் அவரைப் பார்த்து வருவார்கள். அவர் மனைவி பிள்ளைகள் நம் பொறுப்பு. ஆனால் இந்தப் பீடத்துக்கு அவர் திரும்பமாட்டார்.

51ஆம் சங்கீதத்தின் தலைப்பைப் பாருங்கள். தாவீது என்ன செய்தான், யார் வந்து கண்டித்தான் என்பதை மேலே எழுதி வைத்துத்தான் இராகத்தலைவனிடம் கொடுத்திருக்கிறார்கள். சபை அதை மறைக்காமல் பாடியது. நாமும் இப்போது எழுந்து நின்று அதை வாசிப்போம்.”

தாவீதுக்கும் பத்சேபாளுக்கும் பிறந்த குழந்தை இறந்த பகுதியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் அதை யாராலும் விளக்க முடியாது. போதகரின் பிள்ளைகள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

தாவீது ராஜாவாகவே தொடரவில்லையா, இவரை மட்டும் ஏன் இறக்க வேண்டும் என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார். அரியணைக்கும் மேய்ப்பனின் வேலைக்கும் நிபந்தனை ஒன்றல்ல. கண்காணி குற்றஞ்சாட்டப்படாதவனாயிருக்க வேண்டும் என்று 1 தீமோத்தேயு 3 தெளிவாகவே கேட்கிறது. அப்புறம், தொடர்ந்த தாவீதின் நிலையையும் பார்க்க வேண்டும். அடுத்த அதிகாரத்திலேயே அவன் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுக்கிறான். தாவீதுக்குக் கோபம் வருகிறது, ஆனால் தண்டித்ததாக ஒரு வரியும் இல்லை. தன் பாவம் ஊரறிந்தபின் மகனைக் கண்டிக்க அவனுக்கு வாய் வரவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன். மேய்ப்பனுக்கு அந்த வாய் போய்விட்டால் ஆடுகளின் கதி என்ன?

இரண்டு மூன்று சாட்சி வேண்டுமே என்பது அடுத்த கேள்வி. 1 தீமோத்தேயு 5:19 அப்படிச் சொல்வது உண்மைதான், வதந்தியை வைத்து யாரையும் இறக்கக்கூடாது. ஆனால் அடுத்த வசனம், பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது. 19ஐ மனப்பாடமாகச் சொல்பவர்கள் 20ஐ வாசிப்பதேயில்லை. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் இந்த விவாதத்துக்கே இடமில்லை. 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சபைக்குள் பேசி முடிப்பது குற்றம். அந்தச் சூழலில் பிரசங்கத்தைப் பற்றி யோசிப்பதே ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்த பிறகுதான்.

நண்பரின் கமிட்டி இதை வாசித்துவிட்டுக் கிருபை பகுதி நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியது. பெண்ணைப் பற்றிய பகுதிக்கும் ஆட்சேபனை இல்லை. யோவாப் வரும் பத்தியை மட்டும் எடுத்துவிடலாமா, சபை ஏற்கெனவே மனம் உடைந்திருக்கிறது என்று கேட்டார்கள். அந்தப் பத்தியை எடுப்பதானால் என் பிரசங்கம் வேண்டாம், வேறு யாரிடமாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.