ஆம், நான் பகலில் தூங்கினேன்

வெள்ளிக்கிழமை மாலை பெற்றோர் குழுவில் சுற்றிய அந்தக் குரல்பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள், ஆகவே அதில் பேசியவர் யார் என்பதையோ அதன் கீழ் யார் யார் சிரிப்புப் பொம்மை போட்டார்கள் என்பதையோ நான் சொல்லப்போவதில்லை. "அந்த சிஸ்டர் பகலெல்லாம் தூங்குவாங்க, பிள்ளை பாவம் கேட்டில் நிற்குது" என்பதுதான் அதன் சாரம். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் மகள் நாற்பது நிமிடம் பள்ளிக் கேட்டில் நின்றாள், நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தூக்கத்தைத் திருட்டுத்தனம்போல் சொன்னதுதான் என்னை மூன்று நாளாக உறுத்துகிறது.

இரவு எட்டு மணி முதல் காலை ஏழு மணி வரை வார்டில் விழித்திருப்பவள் பகலில்தான் தூங்க முடியும். இதை ஒரு பதிவாக எழுதி விளக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் மருத்துவமனையில் காலை டியூட்டி ஏழு முதல் இரண்டு, மாலை டியூட்டி இரண்டு முதல் எட்டு, நைட் எட்டு முதல் ஏழு. சென்ற ஆண்டு வரை என் வாரம் எப்படி வருகிறதோ அப்படியே வரும். திங்கள் மாலை டியூட்டி முடித்து ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தால், செவ்வாய் காலை டியூட்டிக்கு நாலே முக்காலுக்கு எழ வேண்டும். புதன் நைட், வியாழன் காலை நைட் முடிந்து இறங்கல், வெள்ளி மீண்டும் மாலை, சனி நைட். உடலுக்குள் இருக்கும் கடிகாரம் பெரும்பாலானோருக்கு இருபத்து நான்கு மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. அதனால் தூங்கும் நேரத்தைப் பின்னே தள்ளிப்போடுவது எளிது, முன்னே இழுப்பது கடினம். காலை, மாலை, நைட் என்ற வரிசையில் போனால் உடல் ஓரளவு கூடவே வரும். மாலையிலிருந்து காலைக்குத் திரும்பினால் முரண்டு பிடிக்கும். எனக்கு வாரத்தில் இரண்டு முறை அப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்தது.

அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு விடியற்காலை நாலரை மணிக்கு, 1000 மில்லி சலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. மில்லிக்கு இருபது சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 42 சொட்டு என்று சரியாகக் கணக்குப் போட்டேன், போட்டுவிட்டு 24 என்று ஓடவிட்டேன். சார்ட்டிலும் 24 என்றே எழுதினேன். உடன் இருந்த சிஸ்டர் பாட்டிலில் நீர் இறங்கவில்லையே என்று பார்த்துக் கண்டுபிடித்தார், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. உடல் வெப்பம் மிகக் குறைந்து, மூளை மிக மந்தமாக இருக்கும் நேரம் நாலு, ஐந்து மணி. அதற்கு முந்தைய பகலில் நான் தூங்கியது மூன்று மணி நேரம். ஏன் மூன்று என்றால், பகலில் தூங்குகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பதினோரு மணி வரை துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் வாரத்தைப் பிரித்து மறுபடி கட்டினேன். மகளின் பள்ளி நேரத்தை அசைக்க முடியாது. எட்டரைக்கு வேன், மாலை மூன்றே முக்காலுக்குப் பள்ளி விடும், அப்போது நாங்கள்தான் போய்க் கூட்டிவர வேண்டும். என் தூக்கத்தையும் அசைக்க முடியாது என்று முதன்முறையாக முடிவு செய்தேன். அசைக்கக்கூடியது டியூட்டி வரிசை ஒன்றுதான். கீழே மேட்டுப்பாளையம், காரமடை பக்கமிருந்து வரும் சிஸ்டர்கள் யாருக்கும் வெள்ளி நைட் பிடிக்காது, அன்று மாலை பஸ் ஏறி வீட்டுக்குப் போக வேண்டும் என்பார்கள். அந்த வெள்ளி நைட்டை ஒவ்வொரு வாரமும் நான் எடுத்துக்கொள்கிறேன், மாதத்தில் ஒரு ஞாயிறு காலையும் வருகிறேன், பதிலுக்கு என் வரிசையை மாற்றாதீர்கள் என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பென்சிலால் எழுதினார்.

திங்களும் செவ்வாயும் காலை, புதன் மாலை, வியாழனும் வெள்ளியும் நைட், சனி இறங்கல், ஞாயிறு ஆஃப். மொத்தம் 42 மணி நேரம்தான். திங்கள், செவ்வாய் என் மாமியார் வேனில் ஏற்றிவிடுவார், மாலையில் நான் இருப்பேன். புதனன்று காலையில் இருப்பேன், வீட்டுப்பாடம் மட்டும் மாமியார் தலையில். இரண்டாம் நைட் முடிவது சனிக்கிழமை காலை, அன்று பள்ளி இல்லை. ஆக, இரண்டு நைட்டுகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும் பள்ளி நாள் வெள்ளி ஒன்றே ஒன்று.

அந்த ஒரு நாளுக்குத்தான் என் மூளையெல்லாம் செலவாயிற்று. வியாழன் மதியம் ஒரு மணி முதல் இரண்டே முக்கால் வரை தூங்கிவிடுவேன், மதியத்தில் உடலே கொஞ்சம் சாய இடம் தேடும். இரவில் கடைசி டீ இரண்டு மணிக்கு. டீயில் இருக்கும் காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல் ஆகும், ஐந்து மணிக்குக் குடித்தால் அது படுக்கை வரைக்கும் வரும். மூன்று மணிக்கு வரும் இடைவேளையில் கண்ணயர்ந்தால் இருபது நிமிடம் மட்டும், எழுந்தபின் கால் மணி நேரம் ஊசி மருந்தைத் தொடுவதில்லை. வெள்ளி காலை எட்டே காலுக்கு வந்து மகளை வேனில் ஏற்றிவிட்டு எட்டே முக்காலுக்குப் படுத்துவிடுவேன். உடல் வெப்பம் ஏற ஏறத் தூக்கம் கலையும், ஆகையால் சீக்கிரம் படுத்தவளுக்குத்தான் நீண்ட தூக்கம். ஒன்றே கால் வரை நாலரை மணி நேரம். மகள் வந்து பால் குடித்து எழுத உட்கார்ந்தபின், ஐந்தரை முதல் ஆறரை வரை இன்னொரு மணி நேரம். சனிக்கிழமை மட்டும் பன்னிரண்டு மணிக்கே வலுக்கட்டாயமாக எழுவேன், இல்லாவிட்டால் அன்றிரவு தூக்கம் வராமல் திங்கள் வரை அந்தக் கோளாறு நீளும்.

ஜன்னலுக்குப் பழைய கம்பளியை ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். காலடியில் வெந்நீர்ப் பை வைத்துக்கொள்கிறேன், பாதம் சூடானால்தான் உடலின் உள்வெப்பம் வெளியேறித் தூக்கம் பிடிக்கும், நம் குளிருக்கு அது தானாக நடக்காது. பஸ்ஸில் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறேன். கோத்தகிரி பனிமூட்டத்தில் கூலிங் கிளாஸ் எதற்கு, சினிமாவில் நடிக்கவா என்று வேன் நிற்கும் இடத்தில் கேட்டார்கள், நானும் சிரித்துக்கொண்டேன். மேகம் மூடிய வானமும் வார்டு விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சமானது, அது கண்ணில் பட்டால் விடிந்துவிட்டது, எழுந்திரு என்று மூளைக்குச் செய்தி போகும். அன்று சிரித்தவர்களில் ஒருவரின் குரல்தான் வெள்ளிக்கிழமையும் கேட்டது.

இந்தக் கட்டுமானம் ஏழு மாதம் நின்றது, ஏழு மாதத்தில் என் மகள் ஒரு நாளும் கேட்டில் நின்றதில்லை. அதைப் பற்றி யாரும் குரல்பதிவு போடவில்லை.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்றால், இரவு மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்தது, ஏழு மணிக்கு என்னை விடுவிக்க வேண்டிய சிஸ்டர் வழியில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தார். நோயாளிகளை யாரிடமும் ஒப்படைக்காமல் எழுந்து வர முடியாது. பத்தே முக்காலுக்கு ஹேண்ட் ஓவர், பதினொன்றே முக்காலுக்கு வீடு. அப்போதே நான் விழித்து இருபத்தொரு மணி நேரம். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்தாலே மனிதரின் தடுமாற்றம், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமமாகிறது என்று 1997ஆம் ஆண்டிலேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்று மணிக்கு அலாரம் வைத்தேன். அது அடித்திருக்கிறது, நான் நிறுத்தியிருக்கிறேன், அந்த நினைவே எனக்கு இல்லை. மாமியார் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். காரட் லோடு இறக்கப் போன கணவர் அதே மரத்துக்குக் கீழ்ப்புறம் நின்றுகொண்டிருந்தார்.

வேலையை விட்டுவிடலாமே என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, அவர்கள் என் மகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுவதாகச் சொன்னால் யோசிக்கிறேன். நிரந்தரமாக நைட் மட்டுமே கேட்டால் உடல் பழகிவிடுமே என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆஃப் நாளில் பிள்ளையோடு பகலில் விழித்திருப்பவளுக்கு உடல் முழுதாகப் பழகாது, வாரந்தோறும் பாதி வழியில் திரும்பி வரும். மாற்று ஏற்பாடு வைத்திருக்க வேண்டாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கேள்வி சரிதான். எனக்கு இரண்டு மாற்று இருந்தது, அன்று இரண்டும் இல்லை. மூன்றாவதாக ஒருவர் இருந்தார். கேட்டில் என் மகள் நிற்பதைப் பார்த்தவர், என் வீட்டிலிருந்து ஆறாவது வீட்டில் குடியிருப்பவர். அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருக்கலாம், அவர் குரல்பதிவு செய்தார்.

என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பகலில் பறித்த கொழுந்து மாலையில் வந்து, வாட்டும் தொட்டியில் இரவெல்லாம் காற்றில் வாடும், விடிவதற்குள் அரைக்கத் தொடங்கிவிடுவார்கள், ஆகவே அவருக்குப் பாதி வருடம் நைட்தான். அவர் பகலில் தூங்கும்போது லைன் வீடுகளில் உள்ள அத்தனை பிள்ளைகளையும் அம்மா அதட்டி வைப்பார். "அப்பா நைட் போயிட்டு வந்திருக்காரு" என்பது எங்கள் வீட்டில் சாமி வாக்கு மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா ரேடியோவைக் குறைப்பார், அரிசி புடைப்பதைக்கூட மதியத்துக்குத் தள்ளிவைப்பார். அப்பா என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஒரு நாளும் வந்ததில்லை, பகலெல்லாம் தூங்குகிறார் என்று யாரும் அவரைச் சொன்னதுமில்லை. என் கணவரும் இரவில் லோடு ஏற்றிவிட்டுப் பகலில்தான் தூங்குகிறார். அவர் எழும் நேரம் கேட்டு டீ போடுகிறார்கள். அதே வீட்டில், அதே கம்பளி மறைத்த அறையில் நான் படுத்தால் மட்டும் அது வேறு தூக்கமாகிவிடுகிறது.

எனக்கு அப்பாவின் மீதோ கணவரின் மீதோ கோபமில்லை. கோபமில்லை என்று எழுதும்போதே கொஞ்சம் இருப்பதும் தெரிகிறது.

அன்று கேட்டில் வாட்ச்மேன் கேட்டதற்கு என் மகள், "அம்மாவுக்கு நைட், ரிலீவர் வரலை போல, வந்துடுவாங்க" என்று சொல்லியிருக்கிறாள். ஏழு வயது. ரிலீவர் என்ற சொல் எப்போது அவளுக்குத் தெரிந்தது என்று எனக்கே தெரியாது. அன்றிரவும் எனக்கு நைட் இருந்தது, மாலைத் தூக்கத்தை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளே மணி ஐந்தரையைக் காட்டி, "போய்ப் படும்மா" என்றாள். போய்ப் படுத்தேன்.

அடுத்த வார ரோஸ்டரிலும் வெள்ளி நைட் எனக்குத்தான். இந்த முறை பள்ளி அலுவலகத்தில் மூன்றாவது எண் ஒன்றும் கொடுத்திருக்கிறேன், எதிர்வீட்டில் தையல் தைக்கும் அண்ணியுடையது. இரண்டே முக்காலுக்கு என் கதவைத் தட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். மணி ஒன்பதே கால் ஆகிறது, நாளை காலை டியூட்டி. கீழே எழுதுபவர்கள் எழுதுங்கள், சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு மேல் படிக்கிறேன்.