துபாய் ஆஃபரில் 1,300 திர்ஹாம் போட்டிருக்கிறதா? முதலில் பேசிக் எவ்வளவு என்று பாருங்கள்

ஐடிஐ முடித்து, ஊரில் நாலைந்து வருடம் வயரிங் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன்களுக்கு ஏஜென்ட் காட்டும் கணக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். சம்பளம் 1,300 திர்ஹாம், ரூமும் பஸ்ஸும் கம்பெனி பொறுப்பு, ஓ.டி. தனி. ஒரு திர்ஹாமுக்கு 24 ரூபாய் வைத்துப் பெருக்கினால் 31,200 வரும். ஊரில் ஒரு நாள் கூலி 950. பார்த்தவுடன் பாஸ்போர்ட்டைத் தேடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த 1,300-ஐ ஆஃபர் லெட்டரில் பெரும்பாலும் இரண்டாகப் பிரித்திருப்பார்கள். பேசிக் 900, அலவன்ஸ் 400 என்று இருக்கும். கையில் வரும் தொகை ஒன்றுதானே என்று விட்டுவிடக் கூடாது. அமீரகச் சட்டத்தில் ஓ.டி., வேலை முடிந்து வரும் கிராஜுவிட்டி, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு வரும் இழப்பீடு மூன்றுக்குமே பேசிக்தான் அடிப்படை. 900-ஐ 30 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 3.75 திர்ஹாம். பகல் ஓ.டி.க்கு 25 சதவீதம் கூடுதல் என்பதால் 4.69. தினமும் 2 மணி நேரம், 26 நாள் ஓ.டி. பார்த்தாலும் மாதம் 244 திர்ஹாம்தான் கிடைக்கும். முழு 1,300-ம் பேசிக்காக இருந்தால் அதே உழைப்புக்கு 352. கிராஜுவிட்டி வருடத்துக்கு 21 நாள் பேசிக். இரண்டு வருடத்துக்கு 900 பேசிக்கில் 1,260 திர்ஹாம்.

இனி சேமிப்புக் கணக்கு. சமைத்துச் சாப்பிட்டால் மெஸ் பங்கு 400, போன், சோப்பு, முடிவெட்டு எல்லாம் சேர்த்து 150. சம்பளத்தில் மீதி 750. ஓ.டி. வருடம் முழுக்க இருக்காது. பிராஜெக்ட் அவசரத்தில் இருக்கும், மற்ற நேரம் இருக்காது. 24 மாதத்தில் 12 மாதம் ஓ.டி. இருந்ததாக வைத்தால், கிராஜுவிட்டியும் சேர்த்து இரண்டு வருட மீதி சுமார் 22,200 திர்ஹாம். ரூபாயில் 5 லட்சத்து 32 ஆயிரம்.

இதில் ஏஜென்ட்டுக்குக் கொடுத்ததைக் கழிக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்ச சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. விசா உட்பட ஆளெடுக்கும் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்று அமீரகச் சட்டமும் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் ஒரு லட்சத்தைத் தாண்டிக் கேட்கிறார்கள். 1,20,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கி, பத்து மாதத்தில் சமமாக அடைத்தால் வட்டி மட்டும் 19,800. இவற்றைக் கழித்து 24-ஆல் வகுத்தால் மாதம் 16,400 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

ஊர்க் கணக்கும் பார்ப்போம். 950 ரூபாய்க்கு மாதம் 22 நாள் வேலை, 20,900. அவருடைய சாப்பாட்டுப் பங்கு, பெட்ரோல், டீ, போன் என்று 7,000 போனால் 13,900 மிச்சம். அதாவது கடன் வாங்கிப் போகிறவருக்கு மனைவி மக்களை விட்டுப் பிரிந்திருப்பதற்குக் கிடைக்கும் விலை மாதம் 2,500 ரூபாய்க்குள். அதே ஆள் சட்டப்படியான 35,400 மட்டும் கட்டி, கடனில்லாமல் போனால் அங்கே மாத மீதி 20,700. அப்போது கேள்வியே வேறு.

ஊரில் கூலிக்குப் போகாமல் பாயின்ட் கணக்கில் வீடு எடுப்பவருக்கு இந்த ஒப்பீடு இன்னும் மாறும். பாயின்ட் ரேட் ஊருக்கு ஊர் வேறு. 300 ரூபாய் என்று வைத்தால், 80 பாயின்ட் உள்ள சின்ன வீட்டுக்கு 24,000. ஹெல்பருக்கு 600 வீதம் பத்து நாள் போனால் கையில் 18,000. பத்து நாள் வேலைக்கு இது நல்ல காசு. சிக்கல் என்னவென்றால் அந்தப் பத்து நாளும் ஆறேழு மாதத்தில் சிதறிக் கிடக்கும்: ரூஃப் கான்கிரீட்டுக்கு முன் பைப் போட ஒரு நாள், பூச்சுக்கு முன் காடி வெட்ட மூன்று நாள், பிறகு வயர் இழுக்க, கடைசியில் சுவிட்ச் மாட்ட. பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் வீட்டுக்காரர் கையில் பணம் தீர்ந்திருக்கும். கடைசித் தவணைதான் நிற்கும். வயர் இழுத்த அன்றே முக்கால் பங்கு வாங்கிவிடும் ஆட்களுக்கு இந்த அடி விழுவதில்லை.

இன்னொரு நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறாது. நாலைந்து வருடத்தில் சேர்த்த வீடுகள், ஒரு பில்டர், ஒரு ஹார்டுவேர் கடைக்காரர், இவர்கள்தான் ஊர் எலக்ட்ரீஷியனின் முதல். இரண்டு வருடம் போன் எடுக்காவிட்டால் அந்த நம்பர்கள் எல்லாம் வேறு ஆளுக்குப் போய்விடும். அங்கேயோ பெரிய சைட்டில் இரண்டு வருடமும் ஜிஐ கான்ட்யூட்டும் கேபிள் டிரேயும் மட்டும் ஓட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. கிளாண்டிங், டெர்மினேஷன், மெகர் டெஸ்டிங் வரை கை வைத்தவருக்குத்தான் திரும்பி வந்தால் ஃபேக்டரி வேலை கிடைக்கும். விசாவில் ஹெல்பர் என்று அடித்திருந்தால் அந்த வாய்ப்பும் பெரும்பாலும் இல்லை.

பிரிவைப் பற்றி எல்லோரும் பொதுவாகப் பேசுவார்கள். நான் கடிகாரத்தை வைத்துச் சொல்கிறேன். ஓ.டி. முடிந்து பஸ் கேம்ப் வந்து சேர இரவு எட்டு. குளித்து, அடுப்புக்கு வரிசையில் நின்று, சாப்பிட்டு முடிக்க ஒன்பதரை. ஊரில் அப்போது மணி பதினொன்று. பிள்ளை தூங்கியாயிற்று. பிள்ளையோடு பேச வாரத்தில் மிஞ்சுவது ஒரு விடுமுறை நாள். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று இடையில் ஓடி வர நேர்ந்தால், போகவர டிக்கெட்டும் அந்த நாட்களின் சம்பளமும் பெரும்பாலும் நம் தலையில்தான்.

ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் விஷயத்தில்தான் வித்தியாசம். அங்கே வேலை விபத்தில் உயிர் போனால் 24 மாத பேசிக், குறைந்தது 18,000 திர்ஹாம். 900 பேசிக்குக்கு 21,600. காயம் என்றால் சிகிச்சைச் செலவு முதலாளியுடையது, ஆறு மாதம் வரை முழுச் சம்பளமும் உண்டு. ஊரில் மெயினை ஆஃப் செய்துவிட்டு, இன்வெர்ட்டரை மறந்து கை வைத்து அடிவாங்குகிறவருக்குக் கேட்க ஆளில்லை. இன்வெர்ட்டர் லைன் தனி. மெயின் விழுந்ததும் அதுவே சப்ளை கொடுக்க ஆரம்பித்துவிடும். டெஸ்டரை நம்பாமல் அவுட்புட்டைக் கழற்றுவதுதான் வழி. வருடம் 20 ரூபாயில் 2 லட்சம் தரும் பிரதமரின் சுரக்‌ஷா பீமா கூட எடுக்காதவர்கள்தான் அதிகம்.

இதில் ஐடிஐ படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்தாவது பாஸ் என்பதால் உங்கள் பாஸ்போர்ட்டில் குடியகல்வு அனுமதி தேவைப்படாது. அரசு தரப்பில் உங்கள் கான்ட்ராக்டை யாரும் பார்க்காமலேயே விமானம் ஏறிவிடலாம் என்பதுதான் அதன் மறுபக்கம். 10 லட்சம் காப்பீடு தரும் பிரவாசி பாரதிய பீமாவும் உங்களுக்குக் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயும் வரியும்தான், நீங்களே கேட்டு எடுக்க வேண்டும்.

என் கருத்து இதுதான். சொந்தமாக வீடு எடுத்துச் செய்யும் ஆள், கல்யாணமானவர், 900 பேசிக்குக்குக் கடன் வாங்கிப் போகக் கூடாது. இன்னும் கூலிக்குப் போகும் 23 வயதுப் பையன், கடனில்லாமல், விசாவில் எலக்ட்ரீஷியன் என்றே இருந்தால் போகலாம். ஏஜென்ட்டின் பதிவு எண்ணை emigrate.gov.in-இல் பாருங்கள். அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டரைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம்; பேசிக் வரியைப் படித்த பிறகு கையெழுத்து. "இப்போ விசிட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்று சொன்னால், பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.